பச்சை டிக் விழுந்தும் விரியாத கேள்விகள்

கோவையில் ஏ.சி. பழுது பார்க்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான், ஆனால் இதன் கதை ஏராளமான சிறு நிறுவனங்களின் கதை. கடைக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் ஸ்பிளிட் ஏ.சி. சர்வீசுக்கென்று தனிப் பக்கம். பக்கத்தின் அடியில் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் ஐந்து கேள்விகளும் பதில்களும். தளத்தை அமைத்துக்கொடுத்தவர், ‘எஃப்.ஏ.க்யூ. ஸ்கீமா போட்டாச்சு, இனிமே கூகுள்ல உங்க பேருக்குக் கீழேயே கேள்விகள் விரியும்’ என்கிறார். அதற்கென்று தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொள்கிறார். கூகுளின் சோதனைக் கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் பச்சை டிக் விழுகிறது. மூன்று மாதம் கழித்துக் கடைக்காரர் தன் போனில் தேடிப் பார்க்கிறார். கடையின் பெயர் வருகிறது, பக்கம் வருகிறது, கேள்விகள் மட்டும் வரவில்லை.

தளம் அமைத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது 2020-ல் உண்மை. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு அது ஒரு ஏ.சி. கடைக்குப் பொருந்தாது. இடையில் என்ன நடந்தது, பச்சை டிக் உண்மையில் எதற்குச் சாட்சி, விரியாத கேள்விகளைப் பக்கத்தில் வைத்திருப்பதால் ஏதும் பயன் உண்டா ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்க்க முடியும்.

முதலில் அந்த ஸ்கீமா என்பது என்ன? மனிதர் ஒருவர் பக்கத்தைப் பார்த்தால் எது கேள்வி, எது பதில் என்று கண்ணாலேயே பிரித்துவிடுவார். தேடுபொறியின் நிரலுக்கு அது வெறும் எழுத்து வரிசை. ஆகவே, ‘இது கேள்வி, இது அதன் பதில்’ என்று பக்கத்துக்குப் பின்னால், வாசகர் கண்ணில் படாத இடத்தில், ஒரு ஒப்புக்கொண்ட சொல்வரிசையில் எழுதிக்கொடுப்பதுதான் ஸ்கீமா. அந்தச் சொற்களின் பொது அகராதி schema.org. கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாஹூ ஆகிய மூன்றும் சேர்ந்து 2011 ஜூனில் இதைத் தொடங்கின. அதே ஆண்டில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. கேள்வி பதில் பக்கத்துக்கு அந்த அகராதியில் உள்ள பெயர் `FAQPage`. நம் கடையின் முதல் கேள்வி இப்படி எழுதப்படும்:

```
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org",
  "@type": "FAQPage",
  "mainEntity": [{
    "@type": "Question",
    "name": "வீட்டுக்கு வந்து பார்க்க எவ்வளவு கட்டணம்?",
    "acceptedAnswer": {
      "@type": "Answer",
      "text": "399 ரூபாய். பழுதை நாங்களே சரிசெய்தால் இது மொத்தத் தொகையில் கழியும்."
    }
  }]
}
</script>
```

இவ்வளவுதான். `name` என்ற இடத்தில் முழுக் கேள்வி, `text` என்ற இடத்தில் முழுப் பதில். ஐந்து கேள்வி என்றால் அந்தச் சதுர அடைப்புக்குள் ஐந்து தடவை. இதைக் கையால் எழுத அரை மணி நேரம் போதும். வேர்ட்பிரஸ் தளமென்றால் இதற்கென்றே இருக்கும் பிளகின்கள் தாமாகவே எழுதிவிடும்.

கூகுள் இந்தக் குறியீட்டுக்குப் பரிசு தரத் தொடங்கியது 2019 மே மாதம். அந்த ஆண்டின் ஐ/ஓ மாநாட்டை ஒட்டி வந்த அறிவிப்பின்படி, `FAQPage` எழுதியிருக்கும் பக்கம் தேடல் முடிவில் வரும்போது, தலைப்புக்கும் விளக்க வரிகளுக்கும் கீழே கேள்விகள் வரிசையாக நிற்கும். விரலால் தொட்டால் பதில் அங்கேயே விரியும். பதிலுக்குள் இணைப்புகளும் வைக்கலாம். கூகுளின் பேச்சில் இந்த மாதிரி அலங்காரத் தோற்றங்களுக்கு ‘ரிச் ரிசல்ட்’ என்று பெயர்.

அந்தக் காலத்துப் போன் திரையை நினைத்துப் பார்த்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தேடல் முடிவில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது நாலு வரி இடம். கேள்விகளை ஒட்டிக்கொண்டவருக்கோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இரண்டாம் இடத்தில் இருப்பவர் கேள்விகளை விரித்தால் மூன்றாம் இடத்தில் இருப்பவர் திரைக்கு வெளியே போய்விடுவார். பணமும் கேட்காமல், தர வரிசையும் ஏறாமல், போட்டியாளரைக் கீழே தள்ள ஒரு வழி. சந்தைக்கடையில் தன் கூடையை நடைபாதை வரை நீட்டி வைப்பது மாதிரி. ஒருவர் நீட்டினால் பக்கத்துக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? கேள்வியே எழாத பக்கங்களில்கூடக் கேள்விகள் முளைத்தன. ‘ஏ.சி. என்றால் என்ன?’ என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. ஆனாலும் அது பல பக்கங்களில் முதல் கேள்வியாக நின்றது. கண்ணை இழுக்க எமோஜிகளும் சேர்ந்தன.

கூகுள் இரண்டு தவணையாகக் கூடையை உள்ளே தள்ளியது. 2021 ஜூனில், ஒரு முடிவுக்குக் கீழே இரண்டு கேள்விகளுக்கு மேல் காட்டுவதில்லை என்று குறைத்தது. பக்கத்தில் பத்து கேள்விகளுக்குக் குறியீடு இருந்தாலும் தெரிவது இரண்டுதான், அந்த இரண்டு எவை என்பதும் கூகுளின் தேர்வு. பிறகு 2023 ஆகஸ்ட் 8 அன்று பெரிய அறிவிப்பு வந்தது. இனி இந்தத் தோற்றம் ‘நன்கு அறியப்பட்ட, நம்பகமான அரசுத் தளங்களுக்கும் மருத்துவத் தளங்களுக்கும்’ மட்டுமே. மற்ற தளங்களுக்கு வழக்கமாகக் காட்டப்படாது. ஒரு வாரத்துக்குள் உலகம் முழுக்க நடைமுறைக்கு வரும் என்றும் சொன்னார்கள். அதே அறிவிப்பில் செய்முறை விளக்கங்களுக்கான `HowTo` தோற்றம் கணினித் திரைக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அடுத்த மாதமே அதுவும் நிறுத்தப்பட்டது. காரணமாகச் சொன்னது ஒரே வரி: தேடல் அனுபவம் இன்னும் தெளிவாகவும் சீராகவும் இருக்க வேண்டும் என்பதற்காக. கூடைகள் நடைபாதையை அடைத்துவிட்டன என்பதன் அலுவலக மொழி அது.

அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய வேறு இரண்டு செய்திகள் உண்டு. இது தர வரிசை மாற்றம் இல்லை என்று கூகுள் தெளிவாகச் சொன்னது. கேள்விகள் மறைந்ததால் ஒரு பக்கம் ஐந்தாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்குப் போகாது. இரண்டாவது, இருக்கிற குறியீட்டை அவசரமாக நீக்க வேண்டாம் என்றது. பயன்படுத்தப்படாத குறியீடு தேடலில் எந்தச் சிக்கலையும் உண்டாக்காது, அதே சமயம் கண்ணுக்குத் தெரியும் எந்த விளைவையும் தராது. பல நிறுவனங்களின் மாதாந்திர அறிக்கைகளில் இந்த வாக்கியத்தின் முதல் பாதி இடம்பெறுகிறது, இரண்டாம் பாதி காணாமல் போகிறது.

இனி பச்சை டிக். குறியீடு எழுதிய நாளிலிருந்து கேள்வி விரியும் நாள்வரை மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். எழுதியதைப் பிழையில்லாமல் படிக்க முடிகிறதா என்பது முதல் வாசல். அந்த வகைத் தோற்றத்துக்குத் தேவையான பகுதிகளெல்லாம் இருக்கின்றனவா என்பது இரண்டாவது. இந்தத் தளத்துக்கு, இந்தத் தேடலுக்கு, இந்தத் திரையில் காட்டலாமா என்பது மூன்றாவது. கூகுளின் ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’ கருவி சோதிப்பது முதல் இரண்டை மட்டுமே. 2023 மாற்றத்துக்குப் பிறகும் அது `FAQPage` எழுதிய எந்தப் பக்கத்துக்கும் பச்சை டிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் அதன் வேலை இலக்கணம் பார்ப்பது. சர்ச் கன்சோலில் ‘valid’ என்று வரும் எண்ணிக்கையும் அப்படித்தான். ‘5 valid’ என்றால் ஐந்து குறியீடுகள் சரியாக எழுதப்பட்டிருக்கின்றன என்று பொருள். யாருக்கும் ஒன்றுகூடக் காட்டப்படாமல் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கலாம். விண்ணப்பப் படிவம் சரியாக நிரப்பப்பட்டிருப்பதும் ரேஷன் கார்டு கைக்கு வருவதும் ஒன்றாகிவிடுமா?

2023 விதிப்படி மூன்றாம் வாசலில் யார் நுழையலாம் என்பதில் ஒரு குழப்பம் பரவியிருக்கிறது. ‘மருத்துவத் தளம்’ என்பதை மருத்துவம் பற்றிப் பேசும் எந்தத் தளமும் என்று சிலர் படித்துக்கொள்கிறார்கள். பல் கிளினிக் ஒன்றின் வேர் சிகிச்சைப் பக்கம், மூட்டுவலித் தைலம் விற்கும் கடையின் பக்கம் எல்லாம் இதில் சேரும் என்று நம்பிக்கை ஊட்டப்படுகிறது. விதியில் துறைக்கு முன்னால் ‘நன்கு அறியப்பட்ட, நம்பகமான’ என்ற இரண்டு அடைகள் நிற்கின்றன, வாசலை மூடுவது அவைதான். அந்த இரண்டையும் யார் எப்படி அளக்கிறார்கள் என்பதற்குப் பொதுவில் அளவுகோல் இல்லை. விண்ணப்பிக்கும் படிவமும் இல்லை, கூகுளின் நிரல் தானே முடிவு செய்கிறது. தெருமுனைக் கிளினிக்கின் பக்கம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதை அந்த வகையில் எதிர்பார்ப்பது வீண். தகுதியுள்ள தளங்களுக்கும் உறுதி கிடையாது. குறியீடு சரியாக இருந்தால் காட்ட வாய்ப்புண்டு என்பதற்கு மேல் கூகுள் எப்போதும் வாக்குக் கொடுத்ததில்லை.

அப்படியானால் தன் பக்கத்துக்கு ஒருமுறையாவது காட்டப்பட்டதா என்று கடைக்காரர் எப்படித் தெரிந்துகொள்வது? தன் போனில் தன் கடையைத் தேடிப் பார்ப்பது நல்ல சோதனை இல்லை. இடம், சாதனம், தேடல் சொல் மாறினால் முடிவும் மாறும். சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, ‘Search appearance’ என்ற பிரிவுக்குப் போக வேண்டும். உண்மையில் எந்தெந்தத் தோற்றத்தில் பக்கங்கள் காட்டப்பட்டனவோ அவற்றுக்கு மட்டும் அங்கே வரி இருக்கும். எஃப்.ஏ.க்யூ. என்ற வரியே அங்கே இல்லையென்றால் காட்டப்படவில்லை, கதை முடிந்தது. அந்த அறிக்கை 16 மாதங்களுக்கு மேல் பழைய தரவை வைத்திருக்காது. ‘முன்பு எங்களுக்கு நிறைய வந்தது’ என்று சொல்பவர் 2023-க்கு முந்தைய அறிக்கையைத் தனியாக எடுத்து வைத்திருந்தால்தான் காட்ட முடியும்.

முதல் வாசலிலேயே இடறி விழுவோரும் உண்டு. தமிழில் எழுதுவோருக்கு இதில் சொந்தமாகச் சில குழிகள் இருக்கின்றன. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இதே குழிகள் கடையின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுக்கான வேறு குறியீடுகளையும் கெடுக்கும்.

மேற்கோள்குறிதான் முதல் வில்லன். குறியீட்டில் ஒவ்வொரு சொல்லும் நேரான இரட்டை மேற்கோளுக்குள் நிற்க வேண்டும். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ தட்டச்சு செய்து ஒட்டினால் அது வளைந்த மேற்கோளாக மாறி வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நிரலுக்கு இரண்டும் வேறு. அப்போது மொத்தத் துண்டும் படிக்க முடியாமல் போய்விடும். இதற்கு எதிரான பிழையும் உண்டு. பதிலுக்குள்ளேயே நேரான இரட்டை மேற்கோள் வந்துவிடுவது. கடைக்காரர் "வாட்டர் சர்வீஸ்" என்று மேற்கோளிட்டு எழுதியிருந்தால், முதல் மேற்கோளிலேயே பதில் முடிந்துவிட்டது என்று நிரல் எண்ணிக்கொள்ளும். அந்த இடத்தில் `\"` என்று முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். இந்த வகைப் பிழைகளை சர்ச் கன்சோல் ‘Unparsable structured data’ என்ற தனி அறிக்கையில் காட்டும். எஃப்.ஏ.க்யூ. அறிக்கையில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் படிக்கவே முடியாத ஒன்று என்ன வகை என்பதை கூகுளால் சொல்ல முடியாது.

அடுத்த குழி இன்னும் நுட்பமானது, இதில் பச்சை டிக்கும் விழுந்துவிடும். வேர்ட்பிரஸ் தளத்தில் யாராவது நிரல் எழுதி, கேள்விகளை `json_encode` வழியாகக் குறியீடாக்கி, `update_post_meta` மூலம் சேமித்தால் நடப்பது இது. முதல் கட்டளை, தமிழ் எழுத்துகளை அப்படியே எழுதாமல் எண்களாக மாற்றும். ‘கட்டணம்’ என்ற சொல் இப்படி ஆகும்:

```
\u0b95\u0b9f\u0bcd\u0b9f\u0ba3\u0bae\u0bcd
```

இதுவரை குற்றமில்லை, தேடுபொறிகள் இதைத் தமிழாகவே படிக்கும். ஆனால் இரண்டாவது கட்டளை சேமிப்பதற்கு முன் சாய்கோடுகளை உரித்துவிடும் வழக்கமுடையது. விளைவு:

```
u0b95u0b9fu0bcdu0b9fu0ba3u0baeu0bcd
```

இலக்கணப்படி இது சரியான எழுத்து வரிசை. சோதனைக் கருவி வாய் திறக்காது. ஆனால் கேள்வி என்று சொல்லி கூகுளிடம் கொடுத்தது பொருளில்லாத எழுத்துக் குப்பை. ஆங்கிலத் தளத்தில் இந்தப் பிழை பெரும்பாலும் வெளியே தெரியாது, தமிழ்த் தளத்தில் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் சிதையும். சேமிக்கும் முன் `wp_slash()` போட்டால் சாய்கோடுகள் பிழைக்கும். `JSON_UNESCAPED_UNICODE` என்று சேர்த்தால் தமிழ் தமிழாகவே போகும், ஆனால் பதிலுக்குள் இருக்கும் மேற்கோள்களுக்கான சாய்கோடு அப்போதும் உரிக்கப்படும் என்பதால் முன்னதுதான் முழு மருந்து. கண்டுபிடிக்கும் வழி எளிது. சோதனைக் கருவியில் டிக்கோடு நிற்காமல், அந்தக் கேள்வியின் மேல் சொடுக்கி, `name` என்ற இடத்தில் தமிழ் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே பக்கத்தில் இரண்டு `FAQPage`. எஸ்.இ.ஓ. பிளகின் ஒன்று எழுதும், தளத்தின் தீமோ பக்கம் கட்டும் பிளகினோ இன்னொன்றை எழுதும். அறிக்கையில் `Duplicate field "FAQPage"` என்று வந்தால் இதுதான் காரணம். ஒன்றை அணைத்துவிட்டால் போதும்.

பிழை என்று எந்தக் கருவியும் சொல்லாத, ஆனால் விதிமீறலாகும் வேறு சில உண்டு. குறியீட்டில் இருக்கும் கேள்வியும் பதிலும் பக்கத்தில் வாசகர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அடிப்படை நிபந்தனை. நம் கடைக்காரர் கோடைக்கு முன்னால் கட்டணத்தை 399-லிருந்து 499 ஆக்குகிறார். பக்கத்தில் மாற்றிவிட்டார். கையால் எழுதி ஒட்டிய குறியீட்டில் 399 அப்படியே இருக்கிறது. இப்போது பக்கம் ஒன்று சொல்கிறது, குறியீடு வேறொன்று சொல்கிறது. அதேபோல, விளம்பரத்துக்கு இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தக் கூடாது. ‘கோவையில் சிறந்த ஏ.சி. சர்வீஸ் எது?’ என்று கேட்டு ‘நாங்கள்தான்’ என்று பதில் எழுதுவது அந்த வகை. ஒரே கேள்விப் பட்டியலைத் தளம் முழுக்கப் பல பக்கங்களில் ஒட்டினால் அதில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே குறியீடு போட வேண்டும் என்றும் விதி உண்டு. காந்திபுரத்துக்கு ஒரு பக்கம், பீளமேட்டுக்கு ஒரு பக்கம், சிங்காநல்லூருக்கு ஒரு பக்கம் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கங்கள் செய்யும் சேவை நிறுவனங்கள் அதிகம் மீறும் விதி இதுதான். தவறு பெரிதாக இருந்து கூகுளின் ஊழியர் யாராவது நேரில் பார்த்து நடவடிக்கை எடுத்தால், அந்தப் பக்கம் ரிச் ரிசல்ட் பெறும் தகுதியை இழக்கும். சாதாரணத் தேடலில் அதன் இடம் அதனால் பாதிக்கப்படாது.

தகுதி போன பிறகு மாற்றுவழி தேடுவோர் கண்ணில் `QAPage` என்ற இன்னொரு வகை படும். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், வேலை வேறு. ஒரு கேள்வியை ஒருவர் கேட்டு, பலர் பதில் எழுதும் பக்கத்துக்கானது அது. அங்கே பயனாளர்கள் பதில் எழுத வழி இருக்க வேண்டும், பக்கத்துக்கு மையக் கேள்வி ஒன்றுதான். கடைக்காரரே கேட்டுக் கடைக்காரரே பதில் சொல்லும் பக்கத்துக்கு அதைப் போடுவது நேரடி விதிமீறல். இன்னொரு ஆசை, தன் பக்கத்தில் தானே போட்டுக்கொள்ளும் நட்சத்திர மதிப்பெண். அந்த வாசல் இன்னும் முன்னதாகவே, 2019 செப்டம்பரில் மூடப்பட்டது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய மதிப்பீட்டைத் தன் தளத்திலேயே வைத்துக்கொண்டு `LocalBusiness` குறியீட்டில் எழுதினால் தேடலில் நட்சத்திரம் வராது.

பிங் இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படுவதில்லை. schema.org-ஐத் தொடங்கியவர்களில் அதுவும் ஒன்று, அதன் வெப்மாஸ்டர் கருவியில் 2018 முதல் இந்த வடிவக் குறியீட்டைச் சரிபார்க்கலாம். ஆனால் கோவைக் கடைக்கு வரும் தேடல் பெரும்பாலும் போனிலிருந்து, கூகுள் வழியாக. அங்கே விளைவு என்ன என்பதே கடைக்காரரின் கேள்வி.

இனி எஞ்சியிருப்பதைப் பார்க்கலாம். குறியீடு வேறு, பக்கத்தில் இருக்கும் கேள்வி பதில் வேறு. விரியும் தோற்றம் போனதும் பலர் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போட்டார்கள். அது அவசரம். தேடலின் உச்சியில் ஒரு பெட்டிக்குள் நேரடியாகப் பதில் காட்டும் ‘ஃபீச்சர்ட் ஸ்னிப்பெட்’, அதற்குக் கீழே ‘மக்கள் இதையும் கேட்கிறார்கள்’ என்று வரும் கேள்விகள் ஆகிய இரண்டும் எந்த ஸ்கீமாவையும் கேட்பதில்லை. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வாக்கியங்களிலிருந்தே கூகுள் அவற்றை எடுக்கிறது. தெளிவான கேள்வியும் அதன் கீழே நேரான பதிலும் இருந்தால், அதற்கு வாய்ப்பு எந்தக் கடைக்கும் திறந்தே இருக்கிறது.

ஆனால் அந்த வாய்ப்புக்கு, எழுதும் பதில் உண்மையிலேயே பதிலாக இருக்க வேண்டும். நம் கடையின் மூன்றாவது கேள்வி, ‘ஏ.சி.யில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேஸ் நிரப்ப வேண்டும்?’ என்பது. முதலில் எழுதப்பட்ட பதில் இது: ‘எங்கள் அனுபவமிக்க டெக்னீஷியன்கள் உங்கள் ஏ.சி.யைப் பரிசோதித்து உரிய ஆலோசனை வழங்குவார்கள். இன்றே அழையுங்கள்.’ இதில் எந்தத் தேடுபொறி எதை எடுத்துக் காட்டும்? மெக்கானிக்கிடம் நேரில் கேட்டால் வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்: ‘ஏ.சி.யில் கேஸ் தானாகத் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் குறையும்.’ நான்கு வாக்கியம். கேட்டவருக்கு வேண்டியதும் இதுதான், ஆண்டுதோறும் கேஸ் நிரப்பச் சொல்லும் ஆளிடம் ஏமாறாமல் இருக்க உதவுவதும் இதுதான்.

இப்படிப்பட்ட கேள்விகள் எங்கே கிடைக்கும் என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கடைத் தொலைபேசியை எடுப்பவர் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். இதோடு சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்துக்கு வந்த தேடல் சொற்களை வைத்துப் பார்க்கலாம். ‘ஏ.சி.ல தண்ணி சொட்டுது’ என்று ஆள் தேடும்போது, பக்கத்தில் ‘கண்டன்சேட் வடிகால் அடைப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுவோரும் அந்தப் பட்டியலில் தென்படுவார்கள். அவர்களுக்காகப் பக்கத்தை அப்படி எழுத வேண்டியதில்லை, ஆனால் எந்தச் சொல்லை மக்கள் வாயில் வைத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியும்.

அடித்தால் விரியும் மடிப்புக்குள் பதிலை வைக்கலாமா என்ற சந்தேகம் எப்போதும் வரும். வைக்கலாம். போன் திரையை முன்வைத்துப் பக்கங்களைப் படிக்கத் தொடங்கியபின் மடிப்புக்குள் இருக்கும் எழுத்துக்கும் முழு மதிப்புத் தருவதாக கூகுள் சொல்லியிருக்கிறது. `<details>`, `<summary>` என்ற இரண்டு சாதாரணக் குறிகளே இதற்குப் போதும். மாட்டிக்கொள்வது ஓரிடத்தில்தான். சில வடிவமைப்புகளில் வாசகர் தொட்ட பிறகுதான் பதில் சர்வரிலிருந்து வரவழைக்கப்படும். கூகுளின் நிரல் எதையும் தொட்டுப் பார்க்காது. அதற்கு அந்தப் பதில் இல்லவே இல்லை. சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனையில், கூகுள் கண்ட பக்கத்தின் நிரல் தெரியும். அதில் பதிலின் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பார்த்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம் கடைக்குத் திரும்பினால், செய்ய வேண்டியது சின்னப் பட்டியல்தான். முதன்மை சர்வீஸ் பக்கத்தில் ஐந்து கேள்விகளில் ‘ஏன் எங்களைத் தேர்வு செய்ய வேண்டும்?’ என்பதை எடுத்துவிடலாம், அது கேள்வியே இல்லை. மீதி நான்குக்கும் மெக்கானிக் சொல்லும் பதிலை எழுத வேண்டும். ஏரியாவாரியாக இருக்கும் பக்கங்களிலிருந்து ஒட்டுக் கேள்விகளை நீக்கிவிட்டு, அந்த ஏரியாவுக்கு எத்தனை மணிக்குள் ஆள் வருவார் என்பது போன்ற அங்கே மட்டும் உண்மையான செய்தி இருந்தால் அதை வைக்கலாம். `FAQPage` குறியீடு பிளகின் மூலம் தானாக எழுதப்படுகிறதென்றால் அப்படியே விட்டுவிடலாம், பக்கத்தில் 499 ஆனால் அதிலும் 499 ஆகும். கையால் ஒட்டியதென்றால் எடுத்துவிடுவதே மேல். யாருக்கும் காட்டப்படாத ஒன்றை ஒவ்வொரு கட்டண மாற்றத்துக்கும் ஞாபகமாகத் திருத்திக்கொண்டிருக்க ஆள் கிடையாது.

குறியீட்டுக்கென்று செலவழிக்க நேரம் மிச்சமிருந்தால் அதைக் கடையின் பெயர், முகவரி, வேலை நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சொல்லும் `LocalBusiness` குறியீட்டைச் சரியாக வைப்பதில் செலவிடலாம், தளத்தில் உள்ள முகவரியும் கூகுள் மேப்பில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில் செலவிடலாம். பக்கத்தின் படிவழியைக் காட்டும் `BreadcrumbList` தோற்றத்தை கூகுள் 2025 ஜனவரியில் போன் திரையிலிருந்து எடுத்துவிட்டது, கணினித் திரையில் விட்டுவைத்தது. அதற்காகத் தனியாகக் காசு கேட்கும் ஆள் வந்தால், கோவைக் கடைக்காரர் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி, தன் வாடிக்கையாளரில் எத்தனை பேர் ஏ.சி. பழுதானதும் கணினியைத் திறந்து மெக்கானிக்கைத் தேடுகிறார்கள் என்பதுதான். அதற்கான விடையும் அதே செயல்திறன் அறிக்கையில், ‘Devices’ என்ற பிரிவில் இருக்கிறது.